கோட்டில் நிற்காத தூள்

தகட்டைப் போர்வையில் சுற்றி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர் வந்தார். பட்டறையில் அவரைப் பெரியவர் என்றும் அவருடைய தம்பியைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். சின்னவரின் மனைவிக்கு மட்டும் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சைரன்.

சைரன் என்று பெயர் வைத்தவர் லேத்காரர். அவள் வேலை பார்க்கும் சோதனை மேஜையிலிருந்து நாள் முழுக்க ஏதாவது ஒரு சுருதியில் ஊளை கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால் அவள் குரல் கேட்கும். இரண்டில் எது பரவாயில்லை என்று பட்டறையில் இன்னும் முடிவாகவில்லை.

அந்தப் பட்டறை பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இயற்பியல் ஆய்வுக் கருவிகள் செய்து கொடுக்கும் இடம். ஊசல், கம்பிச்சுருள், ஒத்ததிர்வுக் குழாய் என்று எல்லாம் உண்டு. அவற்றில் அவளுடைய பொறுப்பு அதிர்வுத் தகடு. ஒரு சதுர அலுமினியத் தகட்டை நடுவில் ஒரே ஒரு திருகாணியால் அதிரவைக்கும் கருவியான வைப்ரேட்டரின் தண்டில் பொருத்தி, மேலே மணலைத் தூவி, குமிழைத் திருப்பிச் சுருதியை ஏற்ற வேண்டும். பெரும்பாலான சுருதிகளில் மணல் சும்மா நடுங்கும். சில சுருதிகளில் மட்டும் தகடு சட்டென்று உரக்கக் கத்தும். அப்போது மணல் துள்ளி ஓடி, கோடுகளாகவும் வளைவுகளாகவும் ஒழுங்காக நின்றுவிடும். அந்தக் கோடுகள் எப்படி விழுகின்றன என்பதை வைத்துத் தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமா, மட்டமாக இருக்கிறதா, திருகாணி ஒரு பக்கமாக இறுக்கப்பட்டிருக்கிறதா என்று அவள் சொல்லிவிடுவாள். அவள் தட்டிக் கழித்த தகடு வெளியே போகாது. அதுதான் அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அதிகாரம்.

பெரியவர் தகட்டை மேஜைமேல் வைக்கச் சொன்னார். எல்லோரும் கேட்கிற மாதிரிதான் பேசினார். பேக்கிங் செய்யும் பெண்கள் கையில் டேப்போடு அப்படியே நின்றார்கள்.

"புதுசா திறக்கப்போற அறிவியல் கூடத்துல மானம் போச்சு. அங்க பொறுப்புல இருக்கிற மேடம் முன்னாடி போட்டுக் காட்டினேன். ஒரு கோடு வரல. இங்கொரு குப்பை, அங்கொரு குப்பைன்னு அம்மை போட்ட மாதிரி நிக்குது. தகடு கோணல்னு நானே சொல்லிட்டு எடுத்துட்டு வந்துட்டேன்."

"கோணலா? நான் பாத்து அனுப்பின தகடா?"

"நீ பாத்து அனுப்பினதுதாம்மா. அதான் பிரச்சனையே."

லேத்காரர் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

"இனிமே வெட்டின தகட்டை வெளியிலேயே வாங்கிக்கலாம். அவங்களே சோதிச்சுக் குடுப்பாங்க. இந்த மேஜை வேண்டாம். நீ பேக்கிங்கைப் பாத்துக்கோ. திறப்பு விழாவுக்கு முன்னாடி வேற தகடு தர்றேன்னு மேடம்கிட்ட சொல்லியிருக்கேன்."

அவள் கணவனைத் தேடினாள். அவன் துளையிடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எண்ணெய்க் கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான்.

கோபத்தைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. அது பெரும்பாலும் அகந்தை போடும் சத்தம். ஆனால் அவளுடைய கோபத்தை அந்தக் கணக்கில் மட்டும் சேர்த்துவிட முடியாது. கல்லூரியில் இயற்பியல் படிப்பு பாதியில் இருக்கும்போது அப்பா போய்விட்டார். அக்காள் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தாள். அக்காள் புருஷனுக்கு அவள் சாப்பிடுவது கண்ணை உறுத்தியதும் மாமா வீடு. மாமா வீட்டுக்கு மருமகள் வந்ததும் கல்யாணம். கல்யாணமாகி வந்த இடத்தில் பேக்கிங். சோதனை மேஜையில் இருந்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஆள் கிடைக்கும்வரை என்று சொல்லி அவளை அங்கே உட்கார வைத்தார்கள். ஆள் தேடவே இல்லை. "நல்ல இடமாப் பாத்து உக்காந்துட்டே" என்று சொந்தக்காரர்கள் பூரித்தார்கள். அதைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த இடத்தையும் அவள் பார்த்துப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு இடமாக உதறிவிட்டது, உதறாத இடத்தில் நின்றாள். மணல் கதையும் அதுதான் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. கோடு மணலை இழுப்பதில்லை. தகட்டில் ஒரு பகுதி மேலே போகும்போது பக்கத்துப் பகுதி கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவே மேலும் போகாமல் கீழும் போகாமல் ஒரு கோடு கிடக்கிறது. அதன் பெயர் கணுக்கோடு. மற்ற இடமெல்லாம் மணலைத் தூக்கி எறிகிறது. எறிபட்ட மணல் எங்கெங்கோ விழுந்து, திரும்ப எறிபட்டு, தற்செயலாகக் கோட்டில் விழுந்ததும் எறிய ஆளில்லாமல் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். ஆனால் தன் வாழ்க்கையை மணலோடு ஒப்பிடுகிற ஆளும் அவள் இல்லை. மணலுக்குக் கோபம் வராது.

பெரியவர் பள்ளிகளில் போய்ச் சொல்லும் வசனம் வேறு. "ஒலி மணலைக் கூப்பிடுது பிள்ளைங்களா!" அந்த வசனத்துக்காகவே அவரோடு அவள் பலமுறை சண்டை போட்டிருக்கிறாள்.

"எடுங்க போர்வையை" என்றாள்.

தகட்டைத் தண்டில் பொருத்தினாள். ரசமட்டம் வைத்து நேர்பார்த்தாள். தன் டப்பாவிலிருந்து பழுப்பு மணலை எடுத்துத் தூவினாள். கழுவி, காயவைத்து, இரண்டு சல்லடையில் சலித்து, பரலையும் தூசியையும் நீக்கிய மணல். குமிழைத் திருப்பினாள். தகடு அலறியது. மணல் கொதித்து விலகி, நான்கு மூலைக்கும் பொதுவாக ஒரு பெரிய கோலத்தைப் போட்டது. ஒரு கோடுகூடப் பிசகவில்லை. சுருதியை ஏற்றினாள். கோலம் கலைந்து இன்னும் நெருக்கமான வேறொன்று வந்தது. அதுவும் பிசகவில்லை.

"இதுல என்ன கோணல்? காட்டுங்க. எங்க?"

பெரியவர் தோள்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அங்க நான் போட்டது இது."

அவள் கையில் கொட்டிப் பார்த்தாள். பளீரென்று வெள்ளை, மாவு போல. விரல் ரேகைக்குள் புகுந்துகொண்டது. கண்ணாடிக்கு மெருகு போடும் கடையில் வாங்கிய சலவைக்கல் தூள்.

"இதையா? என் மணலை என்ன செஞ்சீங்க?"

"கறுப்பு பூசின தகட்டுல உன் மணல் அழுக்கு மாதிரி தெரியுது. போட்டோவுக்கு எடுப்பா இருக்காது. அதான் வெள்ளை."

"மணலை மாத்திட்டு என் தகட்டைக் கோணல்ன்னீங்களா? கூச்சமா இல்ல?"

"குரலை இறக்கு. மணல் நயமா இருந்தா கோடு கூர்மையா வரும்னு சொன்னது யாரு? நீதானே? போன வருஷம் என்னை நிக்க வெச்சுப் பாடம் எடுத்தியே."

சொல்லியிருந்தாள். அதுதான் அவள் வாயை அடைத்தது. பரல் மணலைவிடச் சன்ன மணல் மெல்லிய கோடு போடும் என்று பெருமையடித்திருந்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மாவு வரைக்கும் போய்விட்டார்.

மணலைத் துடைத்துவிட்டு வெள்ளைத் தூளைத் தூவினாள். அதே சுருதி. கோடு வரவில்லை. தூள் ஊர்ந்து போய், கோடுகள் வரவேண்டிய இடங்களை விட்டுவிட்டு, இடையில் இருந்த கட்டங்களின் நடுவே சிறு சிறு உருண்டைக் குவியல்களாக நின்றது. நிற்கவும் இல்லை. ஒவ்வொரு குவியலும் நடுவில் பொங்கி, ஓரத்தில் வழிந்து, அடியால் உள்ளே போய், மறுபடி பொங்கியது. அடுப்பில் கஞ்சி கொதிக்கிற மாதிரி இருந்தது.

"ஈரம்" என்றாள். ஹீட்டர் தட்டில் கொட்டிக் காயவைத்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பத் தூவினாள். திரும்பவும் குவியல்.

பெரியவர் அப்போது சொன்னதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. "என்னைக் கேட்டா, உன் மணல் முரடு. தகட்டுல இருக்கிற கோளாறை மறைச்சுடுது. நயமான தூள் உள்ளதை உள்ளபடி சொல்லுது. இல்லேன்னு சொல்லு பாப்போம்."

இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஏன் இல்லை என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருடம் தூசியைக் கழுவி ஊற்றியவள், கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. முந்தைய ஆள் கழுவினார், அவளும் கழுவினாள். அந்த எரிச்சலில் அவள் யார்மேல் பாய்வதென்று தெரியாமல் சல்லடையைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

"சல்லடை என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் லேத்காரர் மெதுவாக.

"வாயை மூடிட்டு லேத்தைப் பாருங்க அண்ணே!"

சல்லடையை எடுக்கப் போனவள் திரும்பி வந்தபோது மேஜையை ஒருமுறை பார்த்தாள். துடைத்தபோது தப்பிய பழுப்பு மணல் கொஞ்சம் தகட்டில் இருந்தது. அது வெள்ளையோடு சேர்ந்து குவியவில்லை. தனியாக, அரைகுறைக் கோடாக, தன் பழைய இடத்தில் நின்றது.

அவள் டப்பாவிலிருந்து மணலை அள்ளி, தூளோடு பிசைந்து, தகடு முழுக்கத் தூவினாள். குமிழைத் திருப்பினாள். ஒரு வீட்டில் பாகம் பிரிக்கிற மாதிரி இரண்டும் பிரிந்தன. மணல் கோட்டுக்குப் போயிற்று. தூள் கட்டங்களின் நடுவுக்குப் போயிற்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஒரு பொட்டும் இடமோ வலமோ நகர்ந்திருக்கவில்லை.

"தகடு கோணலா இருந்தா ரெண்டும் கோணலா நிக்கணும் அத்தான். இங்க ரெண்டும் ஒண்ணைத்தான் சொல்லுது. ஆடாத இடம் எதுன்னு இது சொல்லுது. அதிகமா ஆடுற இடம் எதுன்னு அது சொல்லுது" என்றாள் பெரியவரிடம்.

"அப்ப ஆடுற இடத்துல அது ஏன் போய் நிக்கணும்? எறிய வேண்டாமா? மணலை மட்டும் எறியுதா?"

அவள் தகட்டைத் தண்டிலிருந்து கழற்றினாள். "வண்டியை எடுங்க. மேடம்கிட்டயே போவோம்" என்றாள்.

அறிவியல் கூடத்தில் ஏணிகளும் பெயிண்ட் வாடையுமாக இருந்தது. பொறுப்பாளர் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற பெண்மணி. யார் எதைச் சொன்னாலும் உடனே ஒத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பெரியவர், "மேடம், ஒரு சின்ன சந்தேகம்…" என்று தொடங்குவதற்குள் அவள் தகட்டைப் பொருத்திவிட்டாள். கூட வந்த கணவன் ஒயர்களைச் சொருகினான். மணலும் தூளும் கலந்து தூவினாள். இரண்டும் பிரிந்தன.

மேடம் குனிந்து நெடுநேரம் பார்த்தார். குமிழைத் தானே திருப்பி, வேறு சுருதியில் பார்த்தார். அப்போதும் பிரிந்தன.

"தகடு நல்ல தகடு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார். "தூள் ஏன் இப்படிப் பண்ணுது?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னு சொல்ல இவ்வளவு கோபமா?"

"தெரியாததாலதான் கோபம்."

மேடம் லேசாகச் சிரித்தார். பிறகு ஒரு குவியலுக்கு மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தார். எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது, எடுத்துவிட்டார். "காத்தா இருக்கலாம். தகடு ஆடும்போது அதுக்கு மேல இருக்கிற காத்தும் ஓடுமில்லையா? ஆடாத இடத்துலருந்து ஆடுற இடத்துக்குத் தரையோட தரையா ஓடி, அங்க மேல எழும்பும். மணலை அந்தக் காத்தால அசைக்க முடியாது. இந்த மாவை இழுத்துட்டுப் போகும். அந்தக் குவியல் பொங்கி வழியுறதும் அதனாலதான் இருக்கணும். ஆனா இது என் ஊகம். பாக்காம நம்பாதீங்க."

பார்ப்பதற்கு வழி அந்தக் கூடத்திலேயே இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் மின்மணியை வைத்து, காற்றை உறிஞ்சினால் மணிச்சத்தம் மறைவதைக் காட்டும் கருவி. அதுவும் இவர்கள் பட்டறையில் செய்ததுதான். மணியைக் கழற்றிவிட்டு, அதே ஒயர்களில், வண்டியில் இருந்த ஒரு சின்ன வைப்ரேட்டரையும் உள்ளங்கை அளவுத் தகட்டையும் வைத்தார்கள். வெள்ளைத் தூளை மட்டும் தூவினாள். சுருதி பிடித்ததும் குவியல்கள் எழுந்தன. கூண்டைக் கவிழ்த்து, பம்பை ஓடவிட்டார்கள்.

தகட்டின் கத்தல் தேய்ந்தது. யாரோ கதவைச் சாத்திக்கொண்டே போவது போலத் தேய்ந்து, கடைசியில் பம்பின் உறுமல் மட்டும் மிஞ்சியது. தகடு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் வெளியே வரவழியில்லை. குவியல்கள் பொங்குவது நின்றது. ஒவ்வொன்றாக உடைந்தன. தூள் மணலைப் போலவே துள்ளிச் சிதறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கணுக்கோட்டில் போய்ப் படிந்தது. மெல்லிய, கூர்மையான, வெள்ளைக் கோடு.

"ஒலி கூப்பிடுதுன்னு சொன்னீங்களே அத்தான்" என்றாள். "இப்ப உள்ள ஒலியே இல்ல. யாரு கூப்பிட்டா?"

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். ஆனால் வியாபாரி விழுந்த இடத்திலேயே கடை போடத் தெரிந்தவர். "பாத்தீங்களா மேடம்! இதை நினைச்சுத்தான் ரெண்டு கலர்ல போடலாம்னு எனக்கு முதல்லயே ஒரு யோசனை. பழுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. வேற எங்கயும் இல்லாத மாடல்…"

"தகடு கோணல்னு இவங்ககிட்ட சொன்னது யாரு?" என்றாள் அவள்.

"விடும்மா, அது முடிஞ்சு போச்சு."

"எனக்கு முடியல. சொன்ன வாயாலயே இல்லைன்னு சொல்லுங்க."

"வீட்டு விஷயத்தை இங்க…"

"இது வீட்டு விஷயம் இல்ல. நான் பாத்து அனுப்பின தகடு."

மேடம் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் உதவிக்கு வரவில்லை. பெரியவர் வாசல் பக்கம், ஏணி பக்கம், தம்பி பக்கம் பார்த்துவிட்டு, "தகட்டுல கோளாறு இல்ல மேடம். நான் போட்ட தூளாலதான்" என்றார். கசப்பு மருந்தைக் குடித்த முகம்.

"ரெண்டையும் வெச்சே காட்டலாம்" என்றார் மேடம். "தகடு இங்கயே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் வண்டியில் பெரியவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சரி, டெஸ்டிங் மேஜையை நீயே வெச்சுக்கோ."

"நீங்க குடுத்து நான் வாங்குற மாதிரி சொல்லாதீங்க. இனிமே தகட்டோட போற மணலும் நான் சலிச்சுக் குடுக்கறதுதான். நடுவுல யாராவது மாத்தினா, அந்தத் தகட்டுக்கு நான் பொறுப்பில்ல."

"ஆகட்டும் தாயே" என்றார். கும்பிடு ஒன்றுதான் பாக்கி.

பட்டறை வாசலில் அவர் இறங்கி உள்ளே போனார். வண்டி ஓட்டி வந்த கணவன் சாவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். அவளும் இறங்கவில்லை.

"காலையில ஏன் சும்மா நின்னே?" என்று கேட்டாள்.

"அண்ணன் பேசும்போது எப்படி… சண்டை வேண்டாம்னுதான்."

"சண்டை நடந்துச்சு. நீ மட்டும் அதுல இல்ல."

அவன் ஸ்டீயரிங்கைத் தடவினான்.

"என்னைச் சொன்னது பட்டறையில எல்லாரு முன்னாடியும். இல்லைன்னு ஒத்துக்கிட்டது அங்க, நாலு ஏணிக்கு முன்னாடி. பேக்கிங் பொண்ணுங்களுக்கு நான் இப்பவும் கோணல் தகடு அனுப்பினவதான். நீ உள்ள வந்து சொல்லு."

"அண்ணன் வருத்தப்படுவாரு."

"நான் வருத்தப்பட்டா பரவாயில்லையா?"

அவன் இறங்கினான். உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த துளையிடும் இயந்திரத்தை நிறுத்தினான். அந்த அமைதியில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பெரியவர் தன் அறை வாசலில் நின்றார். சின்னவர் பத்துப் பேர் முன்னால் பேசி யாரும் பார்த்ததில்லை. கழிவுத் துணியைத் தேடினான், கிடைக்கவில்லை.

"அந்தப் பெரிய தகட்டுல கோளாறு எதுவும் இல்ல" என்றான். "இவ பாத்தது சரி. அனுப்புறதுக்கு முன்னாடி நானும் மைக்ரோமீட்டர் வெச்சு மூலைக்கு மூலை அளந்து பாத்தேன். எல்லா இடமும் ஒரே கனம். எனக்குக் காலையிலயே தெரியும்."

பேக்கிங் பெண்களில் ஒருத்தி, "அட" என்றாள். லேத்காரர் தலையை ஆட்டினார். நியாயம் கிடைத்துவிட்டதுபோல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் கணவனைப் பார்த்தாள்.

"காலையிலயே தெரியுமா?"

அவனுக்கு அப்போதுதான் தான் சொன்னது புரிந்தது.

பெரியவர் தெரியாமல் பேசினார், அதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். தூள் ஏன் குவிகிறது என்று அவளுக்கே தெரியவில்லை, அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. இவன் அளந்து பார்த்து, அளவைக் கையில் வைத்துக்கொண்டு, கை துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். பகல் முழுக்க அவள் யார் யார்மேலோ எரிந்து விழுந்தாள். அதில் பாதி போய்ச் சேர வேண்டிய விலாசம் பக்கத்திலேயே நின்றிருக்கிறது.

சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் அதைப் பட்டறையில் சொல்ல முடியாது, வீட்டிலும் இன்றைக்கே சொல்லி முடியாது. அவள் போய்ச் சோதனை மேஜையில் உட்கார்ந்து, வெள்ளைத் தூளைக் கடைசித் துகள்வரை ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள்.

"அடுத்த தகட்டைக் கொண்டாங்க" என்றாள்.

கொண்டு வந்தவன் அவன்தான். வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது" என்று சொல்லிவிட்டுக் குமிழைத் திருப்பினாள்.